மாதப் பிடித்தமா, மொத்தத் தொகையா: ஓய்வூதியத் தொகுப்பைக் கணக்கிட்டுப் பார்க்கும் முறை

மத்திய அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெறவிருந்த என் சித்தப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் விண்ணப்பப் படிவத்தையும் ஒரு பழைய நாட்குறிப்பையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். நாட்குறிப்பின் ஒரு பக்கத்தில் இரண்டே எண்கள் எழுதியிருந்தார்: 36,00,000, அதன் கீழே 19,66,560. "முப்பத்தாறு லட்சத்தைப் பிடிச்சுக்கிட்டு பத்தொன்பதரை லட்சம்தானேப்பா குடுக்கறாங்க? பாக்கி பதினாறு லட்சம் எங்க போகுது?" என்று கேட்டார். ஓய்வூதியத்தின் ஒரு பகுதியைத் தொகுத்துப் பெறலாமா, அதாவது கம்யூட்டேஷன் வாங்கலாமா என்று யோசிக்கும் ஏறத்தாழ எல்லோரும் கேட்கும் கேள்வி இது. இதற்கு விடை சொல்வதற்கு, எதிர்காலத்தில் வரவேண்டிய தவணைகளின் இன்றைய மதிப்பு என்றால் என்ன என்பதைத் தெரிந்துகொண்டால் போதும். அன்று நாங்கள் போட்ட கணக்கை, இதுவரை இத்தகைய கணக்கைப் பார்த்திராதவரும் பின்தொடரும் வகையில் படிப்படியாக இங்கே எழுதுகிறேன்.

முதலில் விதி

2004 ஜனவரி 1-க்கு முன் மத்திய அரசுப் பணியில் சேர்ந்து பழைய ஓய்வூதியத் திட்டத்தில் இருப்பவர், தம் அடிப்படை ஓய்வூதியத்தில் அதிகபட்சம் 40 சதவிகிதத்தை விட்டுக்கொடுத்து, அதற்கு ஈடாக ஒரு மொத்தத் தொகையை உடனே பெற்றுக்கொள்ளலாம். விட்டுக்கொடுத்த பகுதி 15 ஆண்டுகளுக்குப் பிடிக்கப்பட்டு, அதன் பின் முழு ஓய்வூதியமும் மீட்டளிக்கப்படும். மொத்தத் தொகையைக் கணக்கிட, அடுத்த பிறந்தநாளில் என்ன வயதாகும் என்பதை வைத்து ஓர் அட்டவணையிலிருந்து ஒரு காரணியை எடுக்கிறார்கள். 60 வயதில் ஓய்வு பெறுபவருக்கு அடுத்த பிறந்தநாளில் 61 ஆகும். அந்த வயதுக்குரிய காரணி 8.194.

சித்தப்பாவின் அடிப்படை ஓய்வூதியம் மாதம் 50,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதில் 40 சதவிகிதம் 20,000 ரூபாய். இதை 12-ஆல் பெருக்கி, பின்னர் 8.194-ஆல் பெருக்கினால் 19,66,560 ரூபாய் வருகிறது. இதற்கு ஈடாக மாதம் 20,000 ரூபாய் வீதம் 180 மாதங்கள் பிடிப்பார்கள். கூட்டினால் 36,00,000 ரூபாய். நாட்குறிப்பில் இருந்த இரண்டு எண்களும் இப்படித்தான் வந்தன.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். அகவிலை நிவாரணம் தொகுப்புக்கு முந்தைய முழு அடிப்படை ஓய்வூதியத்தின் மீதே கணக்கிடப்படுகிறது. பிடித்தம் போக மீதியுள்ள தொகையின் மீது கணக்கிடப்படுவதில்லை. ஆகவே தொகுத்தவருக்கு அகவிலை நிவாரணத்தில் எதுவும் குறையாது. பிடிக்கப்படும் 20,000 ரூபாயும் 15 ஆண்டுகளில் ஒருமுறைகூட உயராது. நம் கணக்குக்கு இது மிகவும் வசதியானது, ஏனென்றால் எல்லாத் தவணைகளும் ஒரே அளவாக இருக்கும்போதுதான் கீழே வரும் சுருக்கச் சூத்திரத்தைப் பயன்படுத்த முடியும்.

மூன்று தவணைகளில் தொடங்குவோம்

180 தவணைகளைப் பார்ப்பதற்கு முன் மூன்று தவணைகளைப் பார்ப்போம். ஒருவர் உங்களுக்கு அடுத்த ஆண்டு, அதற்கடுத்த ஆண்டு, மூன்றாம் ஆண்டு என ஆண்டு முடிவில் 10,000 ரூபாய் வீதம் மூன்று முறை தருவதாகச் சொல்கிறார். "அதற்குப் பதிலாக இன்றே ஒரு தொகை கொடுங்கள், கணக்கை முடித்துக்கொள்வோம்" என்று நீங்கள் கேட்டால், எவ்வளவு கேட்பது நியாயம்? பணத்தை வைப்பில் போட்டால் ஆண்டுக்கு 8 சதவிகித வட்டி கிடைக்கும் என்று கொள்வோம்.

இன்று 9,259 ரூபாய் கையில் இருந்தால் ஓராண்டில் அது 10,000 ரூபாயாக வளர்ந்துவிடும். எனவே முதல் தவணையின் இன்றைய மதிப்பு 9,259 ரூபாய், 10,000-ஐ 1.08-ஆல் வகுத்தால் இது கிடைக்கும். இரண்டாம் தவணைக்கு இரண்டு ஆண்டு வட்டி சேரும் என்பதால் 1.08-ஆல் இருமுறை வகுக்க வேண்டும், 8,573 ரூபாய். மூன்றாம் தவணைக்கு மும்முறை, 7,938 ரூபாய். மூன்றையும் கூட்டினால், பைசாக்களை முழுமையாக்கி, 25,771 ரூபாய். பெயரளவில் 30,000 ரூபாயாக இருக்கும் மூன்று தவணைகள் இன்றைய கணக்கில் 25,771 ரூபாய்க்குச் சமம்.

இந்த விடை சரிதானா என்பதை அறியச் சூத்திரம் எதுவும் வேண்டாம். ஒரு வங்கிப் புத்தகத்தைக் கற்பனை செய்துகொண்டால் போதும். இன்று 25,771 ரூபாய் போடுங்கள். ஓராண்டில் வட்டியோடு 27,833 ஆகிறது; 10,000 எடுத்தால் 17,833 மீதி. இரண்டாம் ஆண்டில் அது 19,259 ஆகிறது. 10,000 எடுத்தால் 9,259 மீதி. மூன்றாம் ஆண்டில் அது சரியாக 10,000 ஆகிறது. அதையும் எடுத்தால் புத்தகத்தில் ஒன்றும் இல்லை. மொத்தத் தொகை தவணைகளுக்கு "சமம்" என்று நாம் சொல்வதன் பொருள் இதுதான்: அந்தத் தொகையைக் குறிப்பிட்ட வட்டியில் போட்டுவைத்தால் எல்லாத் தவணைகளையும் எடுக்க முடிய வேண்டும், கடைசித் தவணையோடு இருப்பு தீர்ந்துவிட வேண்டும். எந்தக் கணக்கில் சந்தேகம் வந்தாலும் இந்தப் புத்தகத்தை எழுதிப் பாருங்கள். கடைசி வரியில் சுழியம் வரவில்லை என்றால் எங்கோ தவறியிருக்கிறீர்கள்.

சித்தப்பாவின் கேள்விக்கு இதிலேயே பாதி விடை வந்துவிட்டது. 36 லட்சம் என்பது வெவ்வேறு நாட்களில் பிடிக்கப்படும் பணங்களை, அவையெல்லாம் ஒரே நாளில் பிடிக்கப்படுவதுபோல் கூட்டிய எண். அதை இன்று கைக்கு வரும் 19.67 லட்சத்தோடு நேராக ஒப்பிட முடியாது. இதே தவற்றின் மறுபக்கத்தையும் அடிக்கடி கேட்கலாம்: 19,66,560-ஐ 20,000-ஆல் வகுத்து, "8 ஆண்டு 2 மாதத்தில் அசல் அடைந்துவிட்டது, அதற்குப் பின் பிடிப்பதெல்லாம் அநியாயம்" என்பார்கள். அந்த வகுத்தலில் வட்டியே இல்லை. வட்டியில்லாக் கடன் என்றால்தான் 98 மாதங்களில் தீரும்.

180 தவணைகளுக்குச் சூத்திரம்

ஒவ்வொரு தவணையையும் தனித்தனியே வகுத்துக் கூட்டுவது 180 தவணைகளுக்கு நடக்கிற காரியம் அல்ல. எல்லாத் தவணைகளும் ஒரே அளவாகவும் ஒரே இடைவெளியிலும் இருந்தால் அந்தக் கூட்டல் இவ்வாறு சுருங்கிவிடும்:

```
PV = A × (1 − (1 + i)^(−n)) / i
```

இதில் PV இன்றைய மதிப்பு. A ஒரு தவணை. n தவணைகளின் எண்ணிக்கை. i ஒரு தவணைக் காலத்துக்குரிய வட்டி வீதம். கடைசியாகச் சொன்ன "ஒரு தவணைக் காலத்துக்குரிய" என்பதில்தான் புதியவர்கள் பெரும்பாலும் தவறுகிறார்கள். தவணை மாதாமாதம் என்றால் i மாத வட்டியாகவும் n மாதங்களின் எண்ணிக்கையாகவும் இருக்க வேண்டும். ஆண்டுக்கு 8 சதவிகிதம் என்றால் i என்பது 0.08-ஐ 12-ஆல் வகுத்து வரும் 0.006667, n என்பது 180. i-க்கு 0.08 என்றே போட்டு n-க்கு 180 போட்டால், 20,000 ரூபாய்த் தவணைக்கு இரண்டரை லட்சத்தை ஒட்டிய ஒரு தொகை வரும். 13 மாதத் தவணையைக்கூட எட்டாத தொகை 15 ஆண்டுத் தவணைக்கு ஈடாக வருகிறதென்றால் காலமும் வட்டியும் பொருந்தவில்லை என்று உடனே தெரிந்துகொள்ளலாம்.

விரிதாள் செயலியில் இதையே ஒரு வரியில் போடலாம்:

```
=PV(8%/12, 180, -20000)
```

தவணைக்கு முன்னால் உள்ள கழித்தல் குறி, பணம் நம் கையிலிருந்து போகிறது என்பதற்கு அடையாளம். அதைப் போடாவிட்டால் விடை கழித்தல் குறியோடு வரும், அளவு மாறாது. விடை ஏறத்தாழ 20,92,800 ரூபாய்.

ஒவ்வொரு தவணையும் மாத முடிவில் வருவதாகவே இச்சூத்திரம் கொள்கிறது. ஓய்வூதியம் மாத முடிவிலேயே வரவு வைக்கப்படுவதால் இங்கே அது பொருந்துகிறது. வீட்டு வாடகையைப் போல மாதத் தொடக்கத்திலேயே கொடுக்கும் தவணையாக இருந்தால், வந்த விடையை (1 + i)-ஆல் பெருக்கிக்கொள்ள வேண்டும்.

எந்த வட்டியைப் போடுவது

சூத்திரத்தில் மற்ற எல்லாம் தெரிந்த எண்கள். வட்டி வீதம் மட்டும் நாம் தேர்ந்தெடுப்பது. விடையை மிகவும் மாற்றக்கூடியதும் அதுதான். மாதம் 20,000 ரூபாய், 180 மாதங்கள் என்ற அதே தவணைகளின் இன்றைய மதிப்பு 7 சதவிகிதத்தில் 22.25 லட்சம், 8 சதவிகிதத்தில் 20.93 லட்சம், 9 சதவிகிதத்தில் 19.72 லட்சம், 10 சதவிகிதத்தில் 18.61 லட்சம். வட்டி ஏற ஏற இன்றைய மதிப்பு இறங்குகிறது, ஏனென்றால் பணம் வேகமாக வளரும் இடத்தில் அதே தவணைகளைக் கொடுப்பதற்குக் குறைந்த முதலே போதும்.

அரசின் தொகை 19.67 லட்சம். மேலே உள்ள வரிசையில் அது 9 சதவிகிதத்துக்கு மிக அருகில் உட்கார்கிறது. துல்லியமான வீதத்தை விரிதாளே கண்டுபிடித்துத் தரும்:

```
=RATE(180, -20000, 1966560)*12
```

விடை 9.05 சதவிகிதம். விரிதாள் பிழைச் செய்தி காட்டினால், தொடக்க ஊகமாக 0.01 கொடுத்து `=RATE(180,-20000,1966560,0,0,0.01)*12` என்று எழுதலாம்.

என் அனுபவத்தில், முடிவெடுப்பதற்கு இன்றைய மதிப்பைவிட இந்த 9.05 என்ற எண்ணே அதிகம் உதவுகிறது. தொகுப்பு வாங்குவது என்பது, கணக்கின் கண்ணில், ஆண்டுக்கு 9.05 சதவிகித வட்டியில் 15 ஆண்டுக் கடன் வாங்குவது. கடன் பேரேடாக எழுதினால் இது இன்னும் தெளிவாகும். முதல் மாதத்தில் 19,66,560 ரூபாய்க்கு வட்டி ஏறத்தாழ 14,825 ரூபாய். பிடிக்கும் 20,000-இல் இது போக, அசலில் கழிவது 5,175 ரூபாய் மட்டுமே. ஆரம்ப ஆண்டுகளில் பிடித்தத்தின் பெரும்பகுதி வட்டிக்கே போகிறது. பின்னாளில் அது தலைகீழாகி, 180-ஆம் மாதத்தில் இருப்பு சுழியமாகிறது. நாட்குறிப்பில் இருந்த இரண்டு எண்களுக்கும் இடையிலான 16 லட்சத்துச் சொச்சம் முழுவதும் இந்த வட்டிதான். இந்த வரிகளை எழுதிக் காட்டிய பிறகுதான் சித்தப்பாவின் முகம் தெளிந்தது.

இனி ஒப்பீடு எளிது. வந்த தொகையை வைப்பில் போட்டு வட்டி வாங்குவதுதான் திட்டம் என்றால், பாதுகாப்பான வைப்பில் 9.05 சதவிகிதத்துக்கு மேல் கிடைத்தாக வேண்டும். 7 அல்லது 8 சதவிகித வைப்பில் போடுவதற்காகத் தொகுப்பு வாங்குவது, 9 சதவிகிதத்துக்குக் கடன் வாங்கி 8 சதவிகிதத்துக்குக் கொடுப்பதாகும். அதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன். மாறாக, ஏற்கெனவே 9.05-ஐவிட அதிக வட்டியில் கடன் இருந்தால், அதை அடைக்கத் தொகுப்பு வாங்குவது லாபம்.

வரியும் ஆயுளும்

இரண்டு விஷயங்கள் இந்த 9.05-ஐ மாற்றக்கூடியவை.

ஒன்று வருமான வரி. அரசு ஊழியர் பெறும் தொகுப்புத் தொகை முழுவதற்கும் வரிவிலக்கு உண்டு. மாதாமாதம் வரும் ஓய்வூதியத்துக்கோ வரி உண்டு. 20 சதவிகித வரம்பில் வரி கட்டுபவருக்கு, கூடுதல் தீர்வையையும் சேர்த்தால், 20,000 ரூபாய் ஓய்வூதியத்தில் 15,840 ரூபாய்தான் மிஞ்சும். அவர் உண்மையில் விட்டுக்கொடுப்பது மாதம் 15,840 ரூபாய். பெறுவதோ அதே 19,66,560. RATE சூத்திரத்தில் இந்தத் தவணையைப் போட்டால் வீதம் 5.28 சதவிகிதமாக இறங்கிவிடுகிறது. அவர் அதை ஒப்பிட வேண்டியது, தம் வைப்பில் வரி போக மிஞ்சும் வட்டியோடு. 7 சதவிகித வைப்பில் அவருக்கு மிஞ்சுவது 5.54. நூலிழை அளவில் தொகுப்பு முந்துகிறது. ஒரு பக்கத்தை வரிக்குப் பின்னும் மறுபக்கத்தை வரிக்கு முன்னும் வைத்து ஒப்பிடுவது பலர் செய்யும் தவறு. 2025-26 நிதியாண்டிலிருந்து புதிய வரி முறையில் 12 லட்சம் ரூபாய் வரை வரிக்குரிய வருமானம் உள்ளவர்களுக்குத் தள்ளுபடியால் வரி இல்லாமல் போவதால், வேறு பெரிய வருமானம் இல்லாத சித்தப்பாவைப் போன்ற பலருக்கு 9.05 என்ற எண்ணே நிற்கும்.

மற்றொன்று ஆயுள். ஓய்வூதியர் 15 ஆண்டுகள் முடியுமுன் காலமானால் பிடித்தம் அத்தோடு நின்றுவிடும். குடும்ப ஓய்வூதியத்திலிருந்து எதுவும் பிடிக்கப்படுவதில்லை. அதாவது 180 தவணைகளும் உறுதியானவை அல்ல. காரணி அட்டவணையே 8 சதவிகித வட்டியோடு எல்.ஐ.சி.யின் 94-96 இறப்பு அட்டவணையையும் அடிப்படையாகக் கொண்டு அமைக்கப்பட்டது. இந்தச் சாத்தியத்தைத் தனியே கணக்கிட்டும் பார்க்கலாம். 8 சதவிகிதத்தில், 120 மாதப் பிடித்தத்தின் இன்றைய மதிப்பு 16.48 லட்சம், பெற்றது 19.67 லட்சம். ஆகப் பத்தாண்டில் நின்றால் குடும்பத்துக்கு மூன்று லட்சத்துக்கு மேல் மிச்சம். இதே வட்டியில் இரண்டு பக்கமும் சமமாவது 161-ஆம் மாதத்தை ஒட்டி, அதாவது 13 ஆண்டு 5 மாதத்தில். உடல்நிலை நன்றாக உள்ளவர் இந்த எல்லையைத் தாண்டுவார் என்றே கொள்ள வேண்டும். கடுமையான நோயுள்ளவருக்குத் தொகுப்பு சாதகமாகிறது. பேசுவதற்குச் சங்கடமான கணக்குதான், ஆனால் மனைவியின் பிற்கால வாழ்வு இதில் அடங்கியிருப்பதால் சித்தப்பா தாமாகவே இதைக் கேட்டார்.

எவ்வளவு தொகுப்பது

40 சதவிகிதம் என்பது உச்சவரம்பு மட்டுமே. அதற்குக் கீழே எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம். படிவம் நிரப்பும்போது பலரும் யோசிக்காமல் 40 என்று எழுதிவிடுகிறார்கள். நாங்கள் அன்று தேவையிலிருந்து தொடங்கினோம். சித்தப்பாவுக்கு மகள் திருமணத்துக்காக வாங்கிய தனிநபர் கடனில், 12 சதவிகித வட்டியில் மாதம் 13,347 ரூபாய் வீதம் 60 தவணைகள் மீதமிருந்தன. இதன் இன்றைய மதிப்பு என்ன? அதே சூத்திரம்:

```
=PV(12%/12, 60, -13347)
```

விடை ஏறத்தாழ 6,00,000 ரூபாய். மீதித் தவணைகளைக் கடனின் சொந்த வட்டியிலேயே கழித்தால் கிடைப்பது நிலுவை அசல். கடனை முன்கூட்டியே முடிக்க வங்கி கேட்கும் தொகை இதுவே, முன்கட்டணமும் அன்றுவரையிலான வட்டியும் மட்டும் மேலே சேரும். வங்கி சொல்லும் எண் இதிலிருந்து பல ஆயிரம் விலகியிருந்தால், எதற்காக என்று எழுத்தில் கேட்க வேண்டும்.

மாதப் பிடித்தம் ஒவ்வொரு ரூபாய்க்கும் கிடைக்கும் தொகை 12 × 8.194, அதாவது 98.328 ரூபாய். 6,00,000-ஐ இதனால் வகுத்தால் 6,102 வருகிறது. முன்கட்டணத்துக்கும் சேர்த்து 50,000-இல் 13 சதவிகிதம், 6,500 ரூபாய் என்று முடிவு செய்தோம். கிடைக்கும் தொகை 6,39,132 ரூபாய். 12 சதவிகிதக் கடன் 9.05 சதவிகிதக் கடனாக மாறுகிறது; மாதச் சுமை 13,347-இலிருந்து 6,500 ஆகிறது. ஆனால் 5 ஆண்டுகளில் முடியவேண்டிய சுமை 15 ஆண்டுகளுக்கு நீள்கிறது என்பதால், மிச்சமாகும் 6,847 ரூபாயை முதல் ஐந்தாண்டுகளும் தொடர்வைப்பில் போட்டுவந்தால்தான் வட்டி வித்தியாசத்தின் பலன் கையில் நிற்கும். அது மாதச் செலவில் கரைந்துவிட்டால், ஆறாம் ஆண்டு முதல் வெறும் பிடித்தம்தான் மிஞ்சும். இதை நான் இருமுறை சொன்னேன். சித்தி அதைக் கேட்டுக்கொண்டு, அஞ்சலகத்தில் தொடர்வைப்புக் கணக்கு தொடங்குவதைத் தாம் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

படிவத்தைக் கொடுக்கும் காலத்தையும் கவனிக்க வேண்டும். ஓய்வு பெற்ற ஓராண்டுக்குள் விண்ணப்பித்தால் மருத்துவப் பரிசோதனை இல்லாமலேயே தொகுப்பு கிடைக்கும். அதற்குப் பின் பரிசோதனை உண்டு. தொகை வந்த பிறகு, ஓய்வூதியக் கொடுப்பாணையில் தொகுக்கப்பட்ட பகுதி எவ்வளவு, பிடித்தம் எந்த நாளிலிருந்து தொடங்கியது என்று பார்த்து, அதிலிருந்து 15 ஆண்டுகளை எண்ணி மீட்பு நாளை எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். சித்தப்பா அந்த நாளை அதே நாட்குறிப்பில், 36,00,000 என்று எழுதியிருந்த பக்கத்தின் அடியில் குறித்துக்கொண்டு, படிவத்தின் சதவிகிதக் கட்டத்தில் 13 என்று எழுதினார்.